தண்ணீர் விற்றும் கடனில் மூழ்கிய கம்பெனி

2024 மார்ச் மாதக் கடைசியில் லண்டனிலிருந்து வந்த ஒரு செய்தியைப் பலர் இரண்டு முறை படித்துப் பார்த்திருப்பார்கள். தேம்ஸ் வாட்டர் என்ற குடிநீர், கழிவுநீர் நிறுவனத்தின் பங்குதாரர்கள், தருவதாகச் சொல்லியிருந்த 50 கோடி பவுண்டைத் தர முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். இது இனிமேல் முதலீடு செய்யத் தகுந்த நிறுவனமே அல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம். சில நாட்களில், ஏப்ரல் மாதத்தில், தேம்ஸ் வாட்டருக்கு மேலே இருந்த கெம்பிள் என்னும் தாய் நிறுவனம் தன் கடனுக்கான வட்டியைக் கட்டத் தவறியது.

லண்டன் நகரத்திலும் தேம்ஸ் நதிப் படுகையிலும் ஏறக்குறைய 1.6 கோடி பேர் இந்த நிறுவனத்தைச் சார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தண்ணீருக்கோ கழிவுநீருக்கோ வேறொரு கம்பெனியிடம் போக வழியே இல்லை. போட்டி கிடையாது. சரக்கு விற்காமல் தேங்கிவிடும் என்ற பயம் கிடையாது. விலையைக்கூட ஓர் ஆணையம் ஐந்தாண்டுக்கு முன்னதாகவே கணக்குப் போட்டு நிர்ணயித்துக் கொடுத்துவிடுகிறது. இப்படி ஒரு வியாபாரத்தில் ஒருவர் எப்படி நொடித்துப் போக முடியும்?

தனியார்மயம் பொதுச் சேவைகளை எப்படி உருமாற்றுகிறது என்று அரசியல் பொருளாதார மாணவர் ஒருவர் பருவ ஆய்வுக் கட்டுரை எழுத உட்கார்ந்தால், இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. 'தனியார் லாபம் பார்ப்பார்கள், மக்கள் அவதிப்படுவார்கள்' என்ற ஒற்றை வரியில் முடித்துவிட்டால் அது மேடைப் பேச்சாகலாம், ஆய்வாகாது. லாபம் எந்த வழியில் வந்தது, அந்த வழியை யார் திறந்துவிட்டார்கள், அதனால் குழாயும் ஆறும் என்ன ஆயின என்பதைச் சான்றோடு காட்ட வேண்டும். அதற்கு இங்கிலாந்தின் தண்ணீரைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். குழாய், நீர்த்தேக்கம், சுத்திகரிப்பு நிலையம் என்று சொத்து மொத்தத்தையும் நிரந்தரமாகத் தனியாருக்கு விற்றுவிட்ட நாடுகள் உலகில் மிக அரிது. பெரும்பாலான நாடுகளில் தனியார் வந்தாலும் குத்தகைக்குத்தான் வருகிறார்கள்.

ஒரு வேடிக்கை, லண்டனின் தண்ணீர் தனியார் கையில் இருந்தது இது முதல் தடவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கத் தனியார் கம்பெனிகள்தான் லண்டனுக்குத் தண்ணீர் கொடுத்தன. அது சரிப்பட்டு வராமல் 1902இல் சட்டம் இயற்றி, அந்தக் கம்பெனிகளைப் பொது வாரியம் ஒன்று விலைக்கு வாங்கியது. பர்மிங்காம் நகரமோ அதற்கும் கால் நூற்றாண்டுக்கு முன்பே, மேயர் ஜோசப் சேம்பர்லின் காலத்தில், தன் தண்ணீரை நகராட்சியின் வசம் கொண்டுவந்துவிட்டது. இவர்கள் யாரும் சோஷலிஸ்டுகள் அல்ல. காலராவுக்கு அஞ்சிய, கணக்குத் தெரிந்த முதலாளிகள்.

பொது உடைமையாக இருந்த காலத்தைப் பொற்காலம் என்று எழுதினால் கட்டுரையின் முதல் ஓட்டை அங்கேயே விழுந்துவிடும். 1974இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்து வட்டார நீர் ஆணையங்கள் உருவாயின. இரண்டே ஆண்டில், 1976இல், பிரிட்டன் சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் வாங்க நேர்ந்தது. செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயம் வந்தபோது முதலில் வெட்டு விழுந்த இடங்களில் ஒன்று, மண்ணுக்கடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் குழாய்கள். அன்று ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. பின்னால் வந்த மார்கரெட் தாட்சர் அரசும் அந்தக் கயிற்றை இறுக்கியதே தவிரத் தளர்த்தவில்லை. நீர் ஆணையம் வாங்கும் கடனும் அரசுக் கடனாகவே கணக்கில் ஏறும் என்பதால் நிதி அமைச்சகம் அனுமதிக்கவில்லை. இன்னொரு கோளாறும் இருந்தது. ஆற்றில் கழிவுநீரை விடுவதும் அதே ஆணையம், ஆற்றின் தூய்மையைக் கண்காணிப்பதும் அதே ஆணையம்.

ஆக, முதலில் பொதுச் சேவையைப் பட்டினி போடுவது, பிறகு அது மெலிந்துவிட்டது என்று காட்டி விற்பது என்ற வரிசை இங்கே தெளிவாகத் தெரிகிறது. நவதாராளவாதம் என்று அறிஞர்கள் பெயரிட்டிருப்பது இந்தச் சிந்தனை முறையைத்தான்: அரசு நேரடியாகச் சேவை தரக்கூடாது, சந்தையை உருவாக்கிவிட்டு விதிகளை மட்டும் வகுக்க வேண்டும், சேவையைப் பெறுபவர் குடிமகன் என்பதைவிட வாடிக்கையாளர் என்று கருதப்பட வேண்டும். 1984இல் தொலைபேசி, 1986இல் எரிவாயு என்று விற்றுக்கொண்டே வந்த தாட்சர் அரசு, தண்ணீரில் மட்டும் சற்றுத் தயங்கியது. 1987 தேர்தல் முடியும்வரை திட்டத்தைக் கிடப்பில் போட்டு வைத்தது. மக்களுக்கு இது பிடிக்காது என்று அதற்குத் தெரிந்தே இருந்தது.

1989 டிசம்பரில் பத்து நிறுவனங்களின் பங்குகளும் லண்டன் சந்தைக்கு வந்தன. விற்ற தொகை சுமார் 760 கோடி பவுண்ட். ஆனால் விற்பதற்கு முன் அந்த ஆணையங்களின் பழைய கடனில் ஏறக்குறைய 500 கோடி பவுண்டை அரசு தள்ளுபடி செய்தது. அதற்கு மேல், சுற்றுச்சூழல் வேலைகளுக்கு என்று சுமார் 150 கோடி பவுண்டைக் கையிலும் கொடுத்து அனுப்பியது. வரவையும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், நூறாண்டுக்கு மேலாக மக்கள் வரியிலும் கட்டணத்திலும் கட்டி எழுப்பிய சொத்துக்கு அரசின் கையில் மிஞ்சியது கொஞ்சம்தான். இந்த இடத்தில் மாணவர் குறித்துக்கொள்ள வேண்டிய சான்று ஒன்று உண்டு. புதிய நிறுவனங்கள் கடனே இல்லாமல் பயணத்தைத் தொடங்கின. இன்று இங்கிலாந்து, வேல்ஸ் நீர் நிறுவனங்களின் மொத்தக் கடன் 6,000 கோடி பவுண்டுக்கும் மேல்.

இந்தக் கடன் குழாய் பதிக்க வாங்கியதுதானே என்று கேட்கலாம். ஒரு பகுதி அப்படித்தான். மீதி எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, விலை நிர்ணயிக்கும் சூத்திரத்துக்குள் கொஞ்சம் நுழைந்து பார்க்க வேண்டும். உருமாற்றம் நடந்த இடம் உண்மையில் இதுதான். பத்திரிகைகள் இதைத் தாண்டி நேராக நாற்றமடிக்கும் ஆற்றுக்குப் போய்விடுகின்றன.

போட்டி இல்லாத வியாபாரத்தில் கொள்ளை விலை வைக்காமல் தடுக்க ஆஃப்வாட் என்ற ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 'நீங்கள் இவ்வளவு வசூலிக்கலாம்' என்று ஒரு வரம்பு போடும். அந்த வரம்பில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. அன்றாடம் நடத்தும் செலவு ஒன்று, தேய்மானம் ஒன்று, போட்ட மூலதனத்துக்கான வருமானம் ஒன்று. மூன்றாவதைக் கணக்கிட, அந்த நிறுவனத்தின் மூலதன மதிப்பு எவ்வளவு என்று ஆணையம் ஒரு தொகையை ஏட்டில் எழுதி வைத்திருக்கிறது. புதிய முதலீடு செய்தால் அது கூடும். விலைவாசி ஏறினாலும் கூடும். அந்தத் தொகையின் மேல் இத்தனை சதவீதம் வருமானம் நியாயம் என்று ஆணையம் முடிவு செய்யும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஏட்டில் உள்ள மதிப்பு 100 கோடி என்றும், ஆணையம் அனுமதிக்கும் வருமானம் 6 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6 கோடி. நிறுவனம் பாதியைக் கடனாகவும் பாதியைப் பங்கு மூலதனமாகவும் வைத்திருக்கிறது. கடனுக்கு வட்டி 4 சதவீதம் என்றால் 2 கோடி வட்டிக்குப் போகும், மீதி 4 கோடி பங்குதாரருக்கு. அவர் போட்டது 50 கோடி, ஆகவே அவருக்கு 8 சதவீதம் கிடைக்கிறது.

இப்போது புதிய முதலாளி ஒருவர் வருகிறார். குழாயையும் பம்பையும் தொடவே இல்லை. கூடுதலாக 30 கோடி கடன் வாங்கி, அதை அப்படியே ஈவுத்தொகையாக எடுத்துக்கொள்கிறார். இப்போது கடன் 80, அவர் பங்கு வெறும் 20. வட்டி 3.2 கோடி, மீதி 2.8 கோடி. 20 கோடிக்கு 2.8 கோடி என்றால் 14 சதவீதம். ஒரு லிட்டர் தண்ணீர்கூட அதிகம் தராமல், ஒரு கசிவைக்கூட அடைக்காமல், லாப விகிதம் 8லிருந்து 14க்கு ஏறிவிட்டது. கையில் ஏற்கெனவே 30 கோடியும் வந்துவிட்டது.

வட்டி 7 சதவீதமாக உயர்ந்தால்? 80 கோடிக்கு 5.6 கோடி வட்டி போய்விடும். மிஞ்சுவது 40 லட்சம். அந்த ஆண்டு எங்காவது ஒரு பெரிய குழாய் வெடித்தால் அதுவும் காலி. பழைய பாதிக்குப் பாதி ஏற்பாட்டில் இருந்திருந்தால் இதே 7 சதவீத வட்டியில் இரண்டரைக் கோடி கையில் நின்றிருக்கும்.

இங்கே யாரும் சட்டத்தை மீறவில்லை. நிறுவனம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பது சந்தையின் விவகாரம், ஆணையம் தலையிட வேண்டியதில்லை என்றே ஆஃப்வாட் நீண்ட காலம் கருதியது. கடன் மலிவாகக் கிடைத்த காலத்தில் அது திறமையின் அடையாளமாகவும் பார்க்கப்பட்டது.

தேம்ஸ் வாட்டரில் நடந்தது இந்தக் கணக்கின் பெரிய உருவம். 2001இல் ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.ஈ. அதை வாங்கியது. 2006 கடைசியில் ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி வங்கி தலைமையிலான முதலீட்டாளர் குழு 800 கோடி பவுண்ட் மதிப்பில் வாங்கியது. தொழிற்சாலையோ கடையோ நடத்துவது மெக்குவாரியின் தொழில் அல்ல. விமான நிலையம், சுங்கச் சாலை, தண்ணீர்க் குழாய் போன்ற, வருமானம் நிச்சயமாக வரும் சொத்துகளை வாங்கி, சில ஆண்டுகள் வைத்திருந்து விற்பது அதன் தொழில். அது உள்ளே வந்தபோது தேம்ஸ் வாட்டரின் கடன் சுமார் 340 கோடி பவுண்ட். 2017இல் கடைசிப் பங்கையும் விற்றுவிட்டு வெளியேறியபோது கடன் சுமார் 1,080 கோடி. இடையில் ஈவுத்தொகையாகப் போனது 250 கோடி பவுண்டுக்கு மேல். தண்ணீர் கொடுக்கும் கம்பெனிக்கு மேலே பல அடுக்குகளில் தாய் நிறுவனங்கள் எழுந்தன. கடன் திரட்டுவதற்காக, மழையைத் தவிர வேறு ஆற்று நீரே இல்லாத கேமன் தீவுகளில் ஒரு துணை நிறுவனம் பதிவாகியிருந்தது.

மெக்குவாரி தரப்பு சொல்லும் பதிலையும் கேட்க வேண்டும். தங்கள் காலத்தில் 1,100 கோடி பவுண்ட் முதலீடு நடந்தது என்பது அவர்கள் வாதம். அது பொய்யல்ல. ஆனால் அந்த முதலீட்டுக்கான செலவு ஆணையத்தின் சூத்திரம் வழியாகக் கட்டணத்தில் சேர்ந்துவிடும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். பங்குதாரர் புதிதாகத் தன் பையிலிருந்து எவ்வளவு போட்டார் என்பது தனிக் கேள்வி. நல்ல ஆய்வுக் கட்டுரை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாது. 'முதலீடு' என்ற ஒற்றை எண்ணைப் பார்த்ததும், அது கடனிலிருந்து வந்ததா, கட்டணத்திலிருந்து வந்ததா, புதிய பங்கு மூலதனமா என்று பிரித்துப் பார்க்கும்.

மெக்குவாரி போன பிறகு பெரிய பங்குதாரர்களாக இருந்தவர்கள் யார் யார் என்று பார்த்தால், 'தனியார்' என்ற சொல்லே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. கனடாவின் ஒண்டாரியோ மாகாண நகராட்சி ஊழியர்களின் ஓய்வூதிய நிதி முதலிடத்தில். அடுத்து பிரிட்டன் பல்கலைக்கழக ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி. அபுதாபி அரசின் முதலீட்டு நிதிக்கும் சீன அரசின் முதலீட்டு நிதிக்கும்கூடப் பங்கு இருந்தது. பிரிட்டன் அரசு தண்ணீரை நடத்தக்கூடாது, அயல்நாட்டு அரசுகள் அதில் பங்கு வைத்திருக்கலாம் என்று ஆகிவிட்டது. நவதாராளவாதத்தை விமர்சித்துப் பாடம் நடத்தும் பேராசிரியரின் ஓய்வூதியமும் அதே குழாயில் ஓடிக்கொண்டிருந்தது.

2022இல் விலைவாசி எகிறியது. அந்த அக்டோபரில் பிரிட்டனின் சில்லறை விலைக் குறியீடு 14.2 சதவீதம் கூடியிருந்தது. தேம்ஸ் வாட்டரின் கடனில் பெரும்பகுதி விலைவாசியோடு பிணைக்கப்பட்டது. வங்கி வட்டியும் ஏறியது. கற்பனைக் கணக்கின் கடைசி வரி நிஜமாயிற்று. முதல் கேள்விக்கு விடை இதுதான்: தண்ணீர் வியாபாரத்தில் அது நஷ்டப்பட்டுத் தள்ளாடவில்லை, அதன் தலைமேல் கட்டிய நிதிக் கட்டடத்தின் பாரத்தில் தள்ளாடியது.

சேவை என்ன ஆயிற்று?

இங்கிலாந்தின் பழைய நகரங்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே சாக்கடைக் குழாயில்தான் ஓடுகின்றன. அடைமழை பெய்தால் குழாய் கொள்ளாமல் வீட்டுக் கழிவறை வழியாகவே மேலே வந்துவிடும் என்பதால், அங்கங்கே ஆற்றுக்குள் திறந்துவிட வழி வைத்திருக்கிறார்கள். நெருக்கடிக்கு மட்டும் என்று ஏற்பட்ட வழி அது. 2023இல் அந்த வழிகள் 4,64,056 முறை திறக்கப்பட்டன. மொத்த நேரம் சுமார் 36 லட்சம் மணி. நெருக்கடி வழி என்பது வழக்கமான வழியாகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

ஆனால் இந்த எண்ணைக் கையாளும்போது மாணவர் வழுக்கி விழக்கூடும். 2020இல் சுமார் 4 லட்சம் முறை, 2022இல் சுமார் 3 லட்சம், 2023இல் 4.6 லட்சம் என்று வரிசையாக எழுதி, நிலைமை இறங்கியது, ஏறியது என்று கதை சொல்லிவிடலாம். 2022 வறட்சி ஆண்டு, 2023 மழை ஆண்டு. அதோடு, இந்தத் திறப்புகளை அளக்கும் கருவிகள் முன்பு மிகச் சில இடங்களில்தான் இருந்தன. 2023 முடிவில்தான் எல்லா இடங்களிலும் பொருத்தி முடித்தார்கள். எனவே 1989ஐவிட இன்று இத்தனை மடங்கு அதிகம் என்று சொல்ல யாரிடமும் ஒப்பிடத்தக்க தரவு இல்லை. அப்படிச் சொல்லாமலே வலுவான குற்றச்சாட்டை வைக்க முடியும். முப்பது ஆண்டுக்கும் மேலாக அளக்காமலே விட்டுவைத்தது ஏன் என்று கேட்கலாம்.

அதற்கான பதில் அரசின் பக்கம் இருக்கிறது. விற்றபோது கண்காணிப்பைத் தனியே பிரித்தது நல்ல சீர்திருத்தம். பழைய ஆணையங்களின் இரட்டை வேடம் அதோடு ஒழிந்தது. பிற்பாடு அந்தக் கண்காணிப்பையே இளைக்க விட்டார்கள். 2010 வாக்கில் சுற்றுச்சூழல் முகமையின் பாதுகாப்புப் பணிகளுக்கு அரசு தந்த மானியம் ஆண்டுக்கு சுமார் 12 கோடி பவுண்ட். பத்தாண்டில் அது சுமார் 4 கோடியாகச் சுருங்கியது. ஏறத்தாழ அதே சமயத்தில், கழிவுநீர் மாதிரிகளை எடுத்துச் சோதித்துச் சொல்லும் பொறுப்பு நீர் நிறுவனங்களின் கையிலேயே ஒப்படைக்கப்பட்டது. தேர்வு எழுதுபவரே திருத்திக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு.

இதன் விளைவைத் தென்கிழக்கு இங்கிலாந்தின் சதர்ன் வாட்டர் காட்டிக் கொடுத்தது. மாதிரி எடுக்க வேண்டிய நாளில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுநீரை லாரிகளில் ஏற்றி வேறிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். குழாயில் ஓட்டமே இல்லை, எனவே மாதிரி எடுக்க முடியவில்லை என்று பதிவாகும். ஆஃப்வாட் 2019இல் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டது. 2021 ஜூலையில், 2010 முதல் 2015 வரை அனுமதியில்லாமல் 6,971 முறை கழிவைக் கடலோர நீரில் விட்டதற்காக அந்நிறுவனத்துக்கு நீதிமன்றம் 9 கோடி பவுண்ட் அபராதம் விதித்தது. அடுத்த மாதமே அதன் பெரும்பான்மைப் பங்கை ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது. மெக்குவாரிதான்.

எதிர்த் தரப்பிலும் கனமான சான்றுகள் உண்டு. விற்பனைக்குப் பிறகு முதலீடு பெருகியது. குடிநீரின் தரம் உயர்ந்தது. கடலில் குளிக்கத் தகுந்த கரைகள் கூடின. 1990களின் நடுவில் உச்சத்தில் இருந்த குழாய்க் கசிவும் அதன்பின் குறைந்தது. தனியார்மயத்தை ஆதரிப்பவர்கள் இவற்றைத்தான் முன்வைப்பார்கள். இதில் எவ்வளவு உடைமை மாறியதால் வந்தது? 1991இல் ஐரோப்பிய சமூகம் நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்தே ஆக வேண்டும் என்று ஓர் ஆணை பிறப்பித்தது. விற்கப்படாத ஸ்காட்லாந்தும் அந்த ஆணைப்படி செலவழிக்க நேர்ந்தது. எனவே முதலீட்டின் பெரும் பகுதியைச் சட்டத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும், பங்குச் சந்தையின் கணக்கில் அல்ல.

திறமை கூடியதா என்ற கேள்விக்கும் ஆய்வு நடந்திருக்கிறது. டேவிட் சால், டேவிட் பார்க்கர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், உழைப்பும் மூலதனமும் பிற செலவுகளும் சேர்ந்த மொத்த உற்பத்தித்திறனின் வளர்ச்சி விற்பனைக்குப் பின் வேகம் பிடித்ததாகத் தெரியவில்லை என்று கண்டார்கள். ஊழியர் எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் லாபம் கூடியதற்கு முக்கிய காரணம் விலையேற்றம். தேசியத் தணிக்கை அலுவலகம் 2015இல் தந்த கணக்கின்படி, விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும் வீட்டுக் கட்டணங்கள் விற்பனைக்குப் பின் 40 சதவீதம் ஏறியிருந்தன. கட்ட முடியாதவர்களின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. 1991-92இல் மட்டும் 21,000க்கு மேற்பட்ட வீடுகளில் தண்ணீர் நின்றது. கடைசியில் 1999இல் சட்டம் இயற்றித்தான் வீட்டு இணைப்பைத் துண்டிப்பதை அரசு தடை செய்தது. 'வாடிக்கையாளர்' என்ற கோட்பாடு தண்ணீரிடம் தோற்ற முதல் இடம் அது.

ஒப்பிட்டுப் பார்க்க பிரிட்டன் தீவுக்குள்ளேயே இரண்டு மாற்று வழிகள் உள்ளன. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் வட்டாரத்தில் 1994இல் நடந்த வாக்கெடுப்பில் 71 சதவீதம் பேர் கலந்துகொண்டு, அவர்களில் 97 சதவீதம் பேர் விற்பனை வேண்டாம் என்றார்கள். அங்கே தண்ணீர் இன்றும் அரசு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது, பங்குதாரர் கிடையாது, விலையைக் கண்காணிக்கத் தனி ஆணையம் உண்டு. வேல்ஸில் விற்கப்பட்ட நிறுவனம் சிக்கலில் மாட்டியபோது, 2001இல் க்ளாஸ் கம்ரி என்ற லாப நோக்கற்ற அமைப்பு கடனை ஏற்றுக்கொண்டு அதை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. ஈவுத்தொகை இல்லை, மிச்சம் எல்லாம் நிறுவனத்துக்குள்ளேயே. ஆனால் வேல்ஸ் ஆறுகளிலும் கழிவுநீர் அடிக்கடி கலக்கத்தான் செய்கிறது. ஸ்காட்லாந்தில் கழிவு வழிகளை அளக்கும் கருவிகள் இங்கிலாந்தைவிடக் குறைவு. அதனால் அங்கே ஆறு சுத்தம் என்று எழுதுவதும் தவறு. இந்த ஒப்பீடு உறுதியாகக் காட்டுவது ஒன்றைத்தான். பங்குதாரர் இல்லாமலும் நல்ல குடிநீர் தர முடியும், கடன் வாங்கி முதலீடு செய்ய முடியும். பழைய சாக்கடையைச் சரிசெய்ய உடைமையை மாற்றினால் மட்டும் போதாது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

தேம்ஸ் வாட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் அது நிற்கக்கூடாது. நொடித்த துணிக்கடையை இழுத்து மூடலாம், லண்டனின் சாக்கடையை மூட முடியாது. கடன் கொடுத்தவர்களுக்கும் அது தெரியும். 2025 பிப்ரவரியில் 300 கோடி பவுண்ட் வரையிலான அவசரக் கடனுக்கு உயர் நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. வட்டி 9.75 சதவீதம். அதே ஆண்டு மே மாதத்தில் ஆஃப்வாட் அதற்கு 12.27 கோடி பவுண்ட் அபராதம் விதித்தது. அதில் 1.82 கோடி, சேவை மோசமாக இருந்தபோதும் ஈவுத்தொகை வழங்கியதற்காக. அப்படி ஒரு காரணத்துக்காக ஆணையம் தண்டித்தது அதுவே முதல் தடவை. முப்பத்தைந்து ஆண்டு கழித்து! ஜூலையில், சர் ஜான் கன்லிஃப் தலைமையிலான விசாரணைக் குழு, ஆஃப்வாட்டையே கலைத்துவிட்டுப் புதிய ஆணையம் அமைக்கலாம் என்று பரிந்துரைத்தது. அரசு ஏற்றுக்கொண்டது. தண்ணீரை மீண்டும் அரசுடைமை ஆக்கலாமா என்று ஆராய அந்தக் குழுவுக்கு அனுமதி இருக்கவில்லை.

பாரிஸ் நகரம் அந்தக் கேள்வியைக் கேட்டது. தனியார் ஒப்பந்தங்கள் முடிந்ததும் 2010இல் தண்ணீர் விநியோகத்தை நகராட்சியே எடுத்துக்கொண்டது. முதல் ஆண்டில் சுமார் 3.5 கோடி யூரோ மிச்சமாகி, 2011இல் கட்டணம் 8 சதவீதம் குறைந்தது. ஆனால் பாரிஸ் கொடுத்திருந்தது குத்தகை, காலம் முடிந்ததும் சொத்து வீட்டுக்கு வந்துவிட்டது. இங்கிலாந்து விற்றுவிட்டது. திரும்ப வாங்க வேண்டுமானால் அந்த ஏட்டு மதிப்பையும் அதன்மேல் ஏறியிருக்கும் கடனையும் யார் ஏற்பது என்ற வழக்கைச் சந்தித்தாக வேண்டும்.

இந்த வேறுபாட்டைத்தான் கட்டுரை எழுதும் மாணவர் மையமாக வைத்துக்கொள்ள வேண்டும். தனியார்மயம் என்ற பொதுப் பெயரில் நடப்பவை ஒன்றல்ல. எது விற்கப்பட்டது, என்ன சூத்திரத்தில் வருமானம் உறுதி செய்யப்பட்டது, கடனுக்கு வரம்பு இருந்ததா, அளப்பவர் யார் என்ற நான்கையும் எந்த நாட்டின் ஒப்பந்தத்தை எடுத்தாலும் தேடிப் பார்க்கலாம். இங்கிலாந்தில் முதலுக்கு விடை 'எல்லாம்', மூன்றாவதற்கு 'இல்லை', நான்காவதற்கு 'பல ஆண்டுகள் கம்பெனியே'. விலை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு ஆவணம் வெளிப்படையாகவே இருக்கிறது. 2024 டிசம்பரில் ஆஃப்வாட் அறிவித்த ஐந்தாண்டு முடிவின்படி, விலைவாசி உயர்வைச் சேர்க்காமலே நாடு முழுவதும் தண்ணீர்க் கட்டணம் சராசரியாக 36 சதவீதம் ஏறும். தேம்ஸ் வாட்டர் வாடிக்கையாளர்களுக்கு 35 சதவீதம்.